மார்ச் 31க்கு முன்பு மேனேஜருக்கு ஒரு கடிதம்

பிப்ரவரி பாதி தாண்டிவிட்டால் கணக்குப் பிரிவில் இருப்பவர்களின் பேச்சு மாறிவிடும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலும், பிள்ளையின் பரீட்சை என்றாலும், "மார்ச் முடியட்டும், பார்க்கலாம்" என்பதே பதிலாக இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நடுத்தரக் கம்பெனிகளில் கணக்குப் பிரிவு என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான். கொள்முதல் பில் பதிவது, சப்ளையருக்குப் பணம் அனுப்புவது, சம்பளம், ஜிஎஸ்டி, டிடிஎஸ், வங்கிக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எல்லாம் அவர்கள் தலையில்தான். இதில் ஒருவர் டிசம்பரில் வேலையை விட்டுப் போனால், அவருடைய ஃபைல்கள் அப்படியே பக்கத்து மேசைக்கு வந்துவிடும். புதிய ஆள் வருவார் என்பார்கள். மார்ச் வந்துவிடும், ஆள் வந்திருக்க மாட்டார்.

அப்போது அந்தக் கணக்காளர் மேனேஜரிடம் போய், "சார், வேலை ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்று கேட்பார். "மார்ச்சுன்னா எல்லாருக்கும் அப்படித்தாம்மா. ஒரு மாசம் சமாளிச்சுக்கோங்க" என்று பதில் வரும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனாலேயே பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஏப்ரலில் பார்த்தால் ஒருவருக்கு உடம்பு கெட்டிருக்கும், கணக்கில் பிழைகள் புகுந்திருக்கும்.

இதே கோரிக்கையைக் கடிதமாக எழுதினால் நிலைமை மாறும். ஆனால் எழுதுகிற விதம் ஒன்று இருக்கிறது. "மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறேன், தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று முடிகிற கடிதங்கள் மேனேஜரின் இரக்கத்தைத்தான் கேட்கின்றன. இரக்கம் இருந்தாலும், எந்த வேலையை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போயிருக்கிறது, சம்பளம் ஏறியிருக்கிறது, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை மணி நேரத்தில் எது நடக்கிறது என்ற கணக்கு அவரிடம் இல்லை. அது செய்கிறவரிடம் மட்டுமே இருக்கிறது. அதை எழுதிக் கொடுப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

எழுதுவதற்கு முன்னால் ஒரு பிரிப்பு செய்ய வேண்டும். மார்ச் மாத நெருக்கடியில் பாதி, இதைச் செய்யாததால் வருவது என்பது என் கருத்து. மார்ச் 31 கணக்கை வெட்டும் நாள். அன்றைய தேதியில் கம்பெனியிடம் என்ன இருந்தது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது உறுதியாக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு முழுவதையும் அன்றைக்கே எழுதி முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தனியார் கம்பெனிகள் பொதுவாகச் செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். அதற்கு முன் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தேய்மானம் போடுவதையும், சொத்துப் பதிவேட்டைச் சரிபார்ப்பதையும், மார்ச் மாதக் கரண்ட் பில், ஆடிட் கட்டணம் போன்ற செலவுகளுக்கு ஒதுக்கீடு எழுதுவதையும் ஏப்ரலில் உட்கார்ந்து மார்ச் 31 தேதியிட்டே செய்யலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மார்ச் 31 தாண்டினால் திரும்பக் கிடைக்காத வேலைகள் வேறு. அவை கொஞ்சம்தான். மார்ச் 15க்குள் முன்வரியின் கடைசித் தவணையைக் கட்ட வேண்டும். 31ஆம் தேதி சரக்கை எண்ண வேண்டும். சிறு தொழில்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். இவற்றோடு மாதாந்தரக் கெடுக்களும் உண்டு. பிப்ரவரியில் பிடித்த டிடிஎஸ்ஸை மார்ச் 7க்குள் கட்ட வேண்டும். மாதா மாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி.

இந்தத் தேதிகள் எவ்வளவு கறாரானவை என்பதற்கு டிடிஎஸ் ஒன்றே போதும். பிப்ரவரி 20ஆம் தேதி ஒரு காண்ட்ராக்டர் பில்லில் வரி பிடித்தீர்கள். மார்ச் 7க்குக் கட்ட வேண்டியதை மறந்துபோய் 8ஆம் தேதி கட்டினீர்கள். தாமதம் ஒரு நாள்தான். ஆனால் மாதத்துக்கு ஒன்றரை சதவீத வட்டி, பிடித்த தேதியிலிருந்து கட்டிய தேதி வரை போகும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். பிப்ரவரி ஒன்று, மார்ச் ஒன்று என இரண்டு மாதத்துக்கு மூன்று சதவீதம் கட்ட வேண்டும். மார்ச்சில் பிடித்த வரிக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. இப்படிப்பட்ட சலுகை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் எந்த வேலையைத் தள்ளலாம் என்று சொல்ல முடியும். மேனேஜருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சிறு தொழில்களுக்குப் பணம் கொடுக்கும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெருக்கடியில் முதலில் கைவிடப்படும் வேலை இதுதான்; பண நஷ்டம் அதிகமாக வருவதும் இதில்தான். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரியில் ஒரு விதி சேர்ந்தது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய பொருளுக்கும் வேலைக்கும், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டியும் கொடுக்காமல் ஆண்டு முடிந்தால், அந்தத் தொகையை இந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. எந்த ஆண்டில் பணம் கொடுக்கிறீர்களோ அந்த ஆண்டில்தான் செலவு.

ஒரு வார்ப்படப் பட்டறையிடமிருந்து பிப்ரவரி 5ஆம் தேதி 4 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வந்தது. 45 நாள் ஒப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெடு மார்ச் 22. அதைத் தவறவிட்டு, மார்ச் 31 வரையும் கொடுக்கவில்லையென்றால் இந்த ஆண்டு லாபத்தில் 4 லட்சம் கூடும். 22 சதவீத வரித் திட்டத்தில் இருக்கும் கம்பெனிக்கு மேல்வரிகள் சேர்த்து ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய் கூடுதல் வரி. அடுத்த ஆண்டு பணம் கொடுக்கும்போது அது ஈடாகும் என்றாலும், இப்போது கையிலிருந்து போவது போவதுதான். அதே பட்டறையிடமிருந்து பிப்ரவரி 25ஆம் தேதி வந்த சரக்குக்குக் கெடு ஏப்ரல் 11. அதற்குள் கொடுத்துவிட்டால், மார்ச் 31 அன்று பாக்கியாக இருந்தாலும் பாதகமில்லை. ஆக, சப்ளையர்களில் யார் குறு, சிறு தொழில், யார் நடுத்தரம், யார் வெறும் வியாபாரி என்று உத்யம் பதிவுச் சான்றிதழைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நடுத்தரத் தொழிலுக்கும் வியாபாரிக்கும் இந்த விதி கிடையாது. பிறகு பில் பில்லாகத் தேதி போட்டு, மார்ச் 31க்குள் யாருக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று பட்டியல் எடுக்க வேண்டும். நிதானமாக உட்கார்ந்தால் ஒன்றரை நாள் வேலை. நாள் முழுக்க வவுச்சர் பதிந்துகொண்டிருப்பவருக்கு அந்த ஒன்றரை நாள் கிடைக்காது.

இனி ஒரு கணக்காளரின் மார்ச் மாதத்தை மணிக்கணக்கில் போட்டுப் பார்ப்போம். பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி, சீனியர் அக்கவுன்டன்ட் ஒரு பெண், உதவியாளர் டிசம்பரில் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியும் எண்களும் உதாரணத்துக்காக நான் வைத்தவை. உங்கள் அலுவலகத்துக்கு வேறு எண்கள் வரும், கணக்குப் போடும் முறை இதுவேதான்.

மார்ச்சில் விடுமுறை போக 25 வேலை நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 200 மணி. அன்றாட வேலைகளில் உதவியாளர் விட்டுப்போன வவுச்சர் பதிவு நாளுக்கு 3 மணி, மாதத்துக்கு 75. சப்ளையர் பேமென்ட், "பணம் எப்ப வரும்" என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்வது நாளுக்கு 2 மணி, ஆக 50. டைரக்டருக்குத் தினமும் காலையில் அனுப்பும் விற்பனை ரிப்போர்ட் ஒரு மணி, ஆக 25. ஜிஎஸ்டி, டிடிஎஸ், பி.எஃப். போன்ற மாதாந்தர வேலைகள் 32. சம்பளம் 20. வங்கி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் 8. இவ்வளவும் சேர்ந்தால் 210. ஆண்டு முடிவு என்ற பேச்சே எடுக்காமல் மாதம் நிரம்பி வழிந்துவிட்டது.

இதற்கு மேல் ஆண்டு முடிவு வேலைகள். நான்கு வங்கிக் கணக்குகளை ஒத்துப் பார்ப்பது 12 மணி. வாடிக்கையாளர், சப்ளையர் லெட்ஜர்களைச் சரிபார்ப்பது 30. ஆண்டு முழுவதுக்குமான கொள்முதல் பதிவை ஜிஎஸ்டி 2பி அறிக்கையோடு ஒத்துப் பார்ப்பது 24. சரக்கு எண்ணும் ஏற்பாடும் எண்ணிக்கையும் 16. சொத்துப் பதிவேடு 12. மேலே சொன்ன சிறு தொழில் பட்டியல் 10. நம்மிடம் மற்றவர்கள் பிடித்த டிடிஎஸ் வரித்துறைப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது 8. செலவு ஒதுக்கீடுகள் 8. இவை 120. எல்லாம் சேர்த்து 330 மணி. இருப்பதோ 200. பற்றாக்குறை 130. நாளுக்கு 5 மணிக்கு மேல், அதாவது மார்ச் முழுக்க தினமும் 13 மணி நேரம் உட்கார்ந்தால்தான் முடியும்.

இந்த எண்களை மனதிலிருந்து எழுதக் கூடாது. பிப்ரவரியில் ஒரு வாரம், எந்த வேலையை எத்தனை மணிக்கு எடுத்தோம், எத்தனை மணிக்கு வைத்தோம் என்று டைரியில் குறித்தால் போதும். மேனேஜர் ஏதாவது ஓர் எண்ணைத் தொட்டு "இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்டால் டைரியைக் காட்டலாம். ஓர் எண் கூட்டிச் சொன்னது என்று தெரிந்துவிட்டால் மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

இப்போது கடிதம். நம் அலுவலகங்களில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். பிப்ரவரி 18 என்று தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மார்ச் மாத வேலை நேரம், பிப்ரவரி 23க்குள் தேவைப்படும் நான்கு முடிவுகள்.

திங்கட்கிழமை நேரில் சொன்னதை விவரமாக எழுதியிருக்கிறேன். மார்ச் மாதத்தில் எனக்கு இருப்பது 200 மணி நேரம். அன்றாட வேலைகளுக்கு 210 மணியும், ஆண்டு முடிவு வேலைகளுக்கு 120 மணியும் தேவைப்படுகின்றன. வேலைவாரியான விவரம் இத்துடன் இணைத்துள்ளேன். 130 மணி நேரம் குறைகிறது. டிசம்பரில் உதவியாளர் போன பிறகு ஜனவரியிலும் இந்த மாதமும் இரவு எட்டு மணி வரை இருந்து சமாளித்தேன். மார்ச்சில் அது போதாது.

மார்ச் 7, 11, 15, 20 ஆகிய தேதிகளில் போக வேண்டிய வரி, ரிட்டர்ன் வேலைகளையும், சிறு தொழில் சப்ளையர்களுக்கான பேமென்ட்டையும், 31ஆம் தேதி சரக்கு எண்ணிக்கையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இவற்றில் எதையும் குறைக்கக் கேட்கவில்லை. கீழ்க்கண்ட நான்கில் மட்டும் தங்கள் முடிவு வேண்டும்.

முதலாவது, வவுச்சர் பதிவுக்கு ஏப்ரல் 30 வரை ஒரு தற்காலிக ஆள். பி.காம். முடித்து டேலி தெரிந்தவராக இருந்தால் போதும். அவர் பதிந்ததைச் சரிபார்க்க எனக்கு 15 மணி ஆகும், 60 மணி மிச்சமாகும். மாதம் 15,000 ரூபாய் ஆகலாம். ஆள் எடுக்க முடியாவிட்டால் பில்லிங் பிரிவிலிருந்து ஒருவரை மதியத்துக்கு மேல் தந்தாலும் உதவியாக இருக்கும்.

இரண்டாவது, தினசரி விற்பனை ரிப்போர்ட்டை மார்ச் மாதத்துக்கு மட்டும் திங்கட்கிழமைதோறும் அனுப்ப அனுமதி. 21 மணி மிச்சம்.

மூன்றாவது, சப்ளையர் பேமென்ட்டைச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் போடுவது, மற்ற நாட்களில் வரும் போன்களுக்குக் கொள்முதல் பிரிவு பதில் சொல்வது. 24 மணி மிச்சம்.

நான்காவது, சொத்துப் பதிவேட்டையும் செலவு ஒதுக்கீடுகளையும் ஏப்ரல் 15க்குப் பிறகு எடுத்துக்கொள்வது. ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டேன், அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. 20 மணி மிச்சம்.

நான்கும் சேர்ந்தால் 125 மணி. மீதி 5 மணியை நான் ஈடுகட்டிக்கொள்கிறேன். 29, 30, 31 தேதிகளில் எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்.

இவற்றுள் எதையாவது ஏற்க இயலாவிட்டால், அந்த மணி நேரத்துக்கு எந்த வேலையை நிறுத்திவைக்கலாம் என்று தாங்கள் சொன்னால் அதன்படி செய்கிறேன். புதிய ஆள் சேர்ந்து பழக ஒரு வாரம் ஆகும் என்பதால் 23ஆம் தேதிக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

கடிதம் அவ்வளவுதான், ஒரு பக்கம். மணிக்கணக்குப் பட்டியல் தனித்தாளில் இருக்கட்டும். இதில் மூன்று இடங்களைக் கவனிக்கச் சொல்வேன். எதையெல்லாம் குறைக்கக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லியிருப்பதால், கெடு தவறுமோ என்ற மேனேஜரின் முதல் பயம் போய்விடுகிறது. வவுச்சர் பதிவுக்கு வேறு ஆள் வந்தால் 75 மணியும் மிச்சமாகாது, சரிபார்க்கும் நேரம் போகும் என்று எழுதியிருப்பதால் மற்ற எண்களிலும் நம்பிக்கை வருகிறது. இயலாவிட்டால் எதை நிறுத்துவது என்று கேட்டிருப்பதுதான் கடிதத்தின் உயிர். "இல்லை" என்று சொல்கிறவர்கூட இன்னொரு முடிவைச் சொல்லியாக வேண்டும்.

ஏப்ரலுக்குத் தள்ளுகிறவற்றை அளந்து தள்ள வேண்டும். ஏப்ரலிலும் ஜிஎஸ்டி உண்டு, சம்பளம் உண்டு. ஏப்ரல் 1ஆம் தேதி வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காக வாடிக்கையாளர்களுக்கு மூடியிருக்கும், அன்று காசோலை வேலை நடக்காது. புதிய பில் எண் வரிசையை அன்றே தொடங்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் கம்பெனி என்றால், வரி கட்டாமல் அனுப்புவதற்கான உறுதிப்பத்திரத்தைப் புதிய ஆண்டுக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். அதனால்தான் தற்காலிக ஆளை மார்ச் 31 வரை என்று கேட்காமல் ஏப்ரல் 30 வரை கேட்கிறோம்.

நேரில் சொல்லாமல் கடிதத்தை மட்டும் மேசையில் வைப்பதும் சரியில்லை. நம் அலுவலகங்களில் எதிர்பாராமல் வரும் கடிதத்தைப் புகாராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "சார், மார்ச் வேலையைப் பத்தி உங்ககிட்ட கால் மணி நேரம் பேசணும், விவரம் எழுதித் தர்றேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் வராது. டைரக்டருக்கு நகல் அனுப்புவதானால் மேனேஜருக்குத் தெரிந்தே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் இதை அனுப்பவே வேண்டாம். அது இருபது செய்திகளுக்குக் கீழே போய்விடும், பதிலும் வராது, ஆதாரமும் நிற்காது. "இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன்" என்ற வாக்கியமும் வேண்டாம். உண்மையிலேயே விடப் போகிறவர் அதைத் தனியாக எழுதட்டும்.

மேனேஜராக இருப்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கணக்காளருக்கு வேலை மிஞ்சிவிட்டதா என்று கடிதம் வருமுன்பே கணக்கைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சஸ்பென்ஸ் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். எந்தத் தலைப்பில் போடுவது என்று யோசிக்க நேரமில்லாதபோது எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அது மாதாமாதம் ஏறினால் ஆள் திணறுகிறார் என்று பொருள். வங்கிக் கணக்கு கடைசியாக எந்தத் தேதி வரை ஒத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பிப்ரவரியில் நின்றுகொண்டு "நவம்பர் வரை" என்ற பதில் வந்தால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. வவுச்சர்களில் விவரக் குறிப்பு எழுதாமல் காலியாக இருப்பதும், ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருப்பதும், ரொக்கக் கணக்கு ஏதாவது ஒரு நாளில் மைனஸில் போயிருப்பதும் இதே கதையைத்தான் சொல்லும்.

"இப்போதைக்கு எதையாவது போட்டுவை, பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்ற பழைய வழியும் இப்போது இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும், அந்த வசதியை அணைத்துவைக்க முடியாது என்பது விதி. அது ஆண்டு முழுக்க இயங்கியதா என்று ஆடிட்டர் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போட்ட பதிவும், மறுநாள் காலையில் மாற்றிய பதிவும் இரண்டுமே நிற்கும். நேர்மையான பிழைதான் என்றாலும் நூறு திருத்தங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அதே கணக்காளர்தான், அதுவும் ஆடிட் நடக்கும்போது.

31ஆம் தேதி மாலை குடோனில் நடப்பதையும் பார்த்துவிடுங்கள். சரக்கு எண்ணும் நேரத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் நிற்க வேண்டும். கடைசி விற்பனை பில் எண், கடைசி சரக்கு வரவுச் சீட்டு எண் இரண்டையும் அங்கேயே குறித்து வைக்க வேண்டும். 7.5 லட்சம் ரூபாய்க்கு பில் போட்டு லாரியில் ஏற்றிய சரக்கு ஒன்று, கேட் தாண்டாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடக்கவிலை 6 லட்சம். பில் போட்டாகிவிட்டதால் விற்பனையில் ஏறிவிட்டது. குடோன் ஆள் லாரியில் இருப்பதையும் நம் சரக்கு என்று எண்ணிவிட்டார். ஒரே பொருள் விற்றதாகவும் கையில் இருப்பதாகவும் கணக்கில் நிற்கும். விற்பனையில் சேர்ப்பதா, இருப்பில் சேர்ப்பதா என்பதை வாங்குகிறவரோடு உள்ள விற்பனை நிபந்தனையை வைத்து முடிவு செய்யலாம். இரண்டிலும் சேர்த்தால் லாபம் குறைந்தது 6 லட்சம் பொய்யாகக் கூடும். இதைக் கண்டுபிடிக்க, பில் புத்தகத்தையும் கேட் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக நிற்கிற ஒருவர் அங்கே வேண்டும். மூன்று வாரம் தினமும் 13 மணி நேரம் உழைத்தவரை அங்கே நிறுத்தினால், அவர் கண்ணில் அந்த லாரி படாது.

கடிதத்துக்கு முழுச் சம்மதம் கிடைப்பது அரிது. "தற்காலிக ஆள் முடியாது, பில்லிங் பையனை மதியம் அனுப்புகிறேன். ரிப்போர்ட்டை வாரம் இரண்டு முறை அனுப்பு. மற்ற இரண்டும் சரி" என்பது போல ஏதாவது வரும். அதுவும் நல்ல பதில்தான். நம் உதாரணத்தில் அப்படி நடந்தால், வவுச்சர் பதிவில் 35 மணியும் ரிப்போர்ட்டில் 17 மணியும் மிச்சமாகும் என்று வையுங்கள். மற்ற இரண்டில் 44. ஆக 96 மணி குறைந்து, பற்றாக்குறை 34க்கு வந்துவிடும். நாளுக்கு ஒன்றரை மணிக்கும் குறைவான கூடுதல் வேலை. அது மனிதரால் முடிவது. அன்றைக்கே, "நீங்கள் சொன்னபடி இப்படி இப்படிச் செய்கிறேன், 34 மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டி வரும், அதற்கு ஏப்ரலில் ஈட்டு விடுப்பு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும்" என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பி வைக்க வேண்டும். பேசியதை எழுத்தில் வைக்கா­விட்டால் மார்ச் 10ஆம் தேதி காலையில் "ரிப்போர்ட் ஏன் வரலை?" என்று போன் வரும்.

பதிலே வராமலும் போகலாம். அப்போது 24ஆம் தேதி ஒருமுறை நினைவூட்டிவிட்டு, கெடு உள்ள வேலைகளை முதலில் எடுத்துக்கொண்டு, எது தள்ளிப்போகிறது என்பதை வாரம் ஒருமுறை எழுதித் தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் கேள்வி வந்தால், பிப்ரவரியிலேயே சொன்னேன் என்பதற்கு எழுத்து இருக்கும்.

இந்தக் கடிதத்தால் முடியாததும் ஒன்று உண்டு. மேலே பார்த்த கணக்கில் அன்றாட வேலை மட்டுமே 210 மணி. அதாவது ஆண்டு முடிவு இல்லாத மாதத்திலும் ஒரு ஆள் குறைகிறார். அது நிரந்தர ஆள் பற்றாக்குறை. அதைப் பிப்ரவரிக் கடிதத்தில் கலந்தால் இரண்டும் கெடும், ஏனென்றால் நிரந்தர ஆளுக்கு டைரக்டர் ஒப்புதல், விளம்பரம், நேர்காணல் என்று மூன்று மாதம் ஓடிவிடும். அதற்குத் தனிக் கடிதம், புதிய ஆண்டின் தொடக்கத்தில், மார்ச்சில் குறித்த இதே மணிக்கணக்கை ஆதாரமாக வைத்து எழுத வேண்டும்.

இந்த ஆண்டு எழுத நினைப்பவர்கள் மார்ச் பிறக்கக் காத்திருக்காதீர்கள். பிப்ரவரி இரண்டாம் வாரம் டைரியில் நேரத்தைக் குறியுங்கள், மூன்றாம் வாரம் கடிதத்தைக் கொடுங்கள். கடிதத்தைக் கையில் வாங்கும் மேனேஜர்கள், ஒரு வாரத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் சொல்லுங்கள்.